‘எவ்ளோங்க?’ – ஊர் சுற்ற வந்தவர் கையில் பத்து வாக்கியம்

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் புதுமுகங்கள் தெரியத் தொடங்கும். கச்சேரி கேட்க வந்தவர்கள், விடுமுறைக்கு வந்த பேரன் பேத்திகள், கல்யாணத்துக்கு வந்த வெளிநாட்டு நண்பர்கள், டெல்லியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் என்று மாட வீதிகளில் கூட்டம் அலைமோதும். இவர்களில் பலர் கையில் ஒரு தாளோ, போனில் ஒரு பட்டியலோ இருக்கும். ‘தமிழில் பேச எளிய வாக்கியங்கள்’ என்று இணையத்தில் தேடி எடுத்தது.

அந்தப் பட்டியலில் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இதன் விலை என்ன?’ இரண்டாவது வரி: ‘கோயிலுக்குச் செல்லும் வழி எது?’ மூன்றாவது: ‘தயவுசெய்து விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.’

இலக்கணப்படி மூன்றிலும் குறை இல்லை. ஆனால் மயிலாப்பூர் குளத்தங்கரையிலோ, தி.நகர் நடைபாதையிலோ மூன்றுமே காலை வாரிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளி தனியாக வெளியே போய், தனியாகப் பேரம் பேசி, தனியாகத் திரும்பி வர வேண்டுமானால், அவர் கையில் வேறு வாக்கியங்கள் இருக்க வேண்டும். அவற்றைத் தேர்ந்து கொடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரர்களுடையது.

வழி கேட்கப் போய் வலி

முதல் சிக்கல் உச்சரிப்பு. ‘வழி’ என்ற சொல்லில் இருக்கும் ழகரம் வெளியூர் நாக்குக்கு எளிதில் வராது. அவர் ‘வலி’ என்பார். கோயிலுக்கு வழி கேட்கிறார் என்று கேட்பவர் ஊகித்துக்கொண்டால் நல்லது. இல்லாவிட்டால், ‘எங்கேம்மா வலிக்குது?’ என்று கரிசனமாக விசாரித்து, பக்கத்து மருந்துக்கடையைக் காட்டிவிடுவார்.

‘விலை’யும் அப்படித்தான். முதல் எழுத்தைச் சற்றே நீட்டினால் அது ‘வேலை’ ஆகிவிடும். ‘வேலை என்ன?’ என்று ஒரு பொம்மைக் கடைக்காரரிடம் கேட்டால், ‘பொம்மை விக்கிறதுதாங்க’ என்று பதில் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி ‘பத்து’. ஆங்கிலம் பேசுபவர்களின் ‘த்’ நம் காதில் ‘ட்’ என்று விழும். அவர்கள் ‘பத்து’ என்றால் நமக்குப் ‘பட்டு’ என்று கேட்கும். வேறு ஊரில் இதனால் பாதகம் இல்லை. தி.நகரில், அதுவும் பட்டுப்புடவைக் கடைகள் வரிசையாக நிற்கும் தெருவில் ஒருவர் ‘பட்டு, பட்டு’ என்றால், பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார் என்று யாருக்குத் தோன்றும்? ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மொழியில் நாக்கு பல்லைத் தொட்டே ‘த்’ பிறக்கிறது. ஹிந்தி பேசுபவர்களுக்கும் ‘பத்து’ சரியாகவே வரும்.

ஆகவே முதல் விதி: தவறாகச் சொன்னாலும் வேறு சொல்லாக மாறிவிடாத சொற்களையே கொடுக்க வேண்டும். ‘எவ்ளோ?’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ளகரம் வராமல் ‘எவ்லோ’ என்றாலும், வகரம் கரகரத்தாலும் அது விலை கேட்கும் சொல்லாகவே கேட்கும். அதோடு மோதுகிற வேறு சொல் இல்லை. ‘வேண்டாம்’ என்பதைவிட ‘வேணாம்’ இன்னும் சுலபம். ணகரத்தை னகரமாகச் சொன்னாலும் பொருள் மாறாது. ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற நீண்ட சொல்லுக்குப் பதில் ‘கம்மி பண்ணுங்க’. உருது வழியாக வந்த ‘கம்மி’ சென்னைத் தெருவில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஹிந்தி தெரிந்தவருக்கோ அது ஏற்கெனவே பழகிய சொல்.

ழகரம் வரவில்லையே என்று விருந்தாளி வருத்தப்படத் தேவையில்லை. சென்னைப் பேச்சில் வாழைப்பழமே ‘வாயப்பயம்’ ஆகிவிடுவதுண்டு. ழகரம் வராத சொல்லாகத் தேர்ந்து கொடுத்தால் போதும்.

புத்தகத் தமிழும் தெருத் தமிழும்

இரண்டாவது சிக்கல், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். ‘எவ்வளவு’ என்று எழுதுகிறோம், ‘எவ்ளோ’ என்று பேசுகிறோம். ‘எங்கே இருக்கிறது’ என்பது வாயில் ‘எங்க இருக்கு’ ஆகிறது. வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பித்தவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஆர்.இ. ஆஷரும் இ. அண்ணாமலையும் சேர்ந்து எழுதி 2002-ல் வெளியான பாடநூல், பெயரிலேயே சொல்வதுபோல, பேச்சுத் தமிழைத்தான் முதலில் கற்பிக்கிறது.

எழுத்துத் தமிழில் கேட்டால் புரியாமல் போகாது. ஆனால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். கடைக்காரர் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சுத் தமிழைக் கொடுக்கும்போது மரியாதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல பட்டியல்களில் ‘வா, போ, நில், சொல்’ என்று வேர்ச்சொற்கள் இருக்கும். விருந்தாளி ஆட்டோக்காரரைப் பார்த்து ‘நேரா போ’ என்று சொல்லிவிடுவார். அவருக்கு அது அகராதியில் கண்ட சொல். ஆட்டோக்காரருக்கு அது தன்னை ஒருமையில் பேசிய சொல்.

இதற்கு ஒரே மருந்து ‘ங்க’. போங்க, சொல்லுங்க, நில்லுங்க, எவ்ளோங்க, சரிங்க, வேணாங்க. சொல்லின் வாலில் இதை ஒட்டிவிட்டால் யாரிடமும் பேசலாம். ஒட்டாத இடம் ஒன்று உண்டு. ‘எங்க’ என்பதோடு மறுபடி ‘ங்க’ சேர்த்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். அங்கே உறவுச்சொல் கைகொடுக்கும்: ‘எங்க, அண்ணா?’ ‘எங்க, அக்கா?’

ஆட்டோக்காரர், கடைக்காரர், காவலாளி என்று யாராக இருந்தாலும் ‘அண்ணா’ பொருந்தும். பூ விற்பவர், காய்கறி விற்பவர் என்றால் ‘அக்கா’. வயதில் மிகவும் மூத்த பெண் என்றால் ‘அம்மா’. ‘பாட்டி’ என்ற சொல்லை மட்டும் விருந்தாளிக்குச் சொல்லித்தர வேண்டாம். யாரைப் பாட்டி என்று கூப்பிடலாம் என்று கணிப்பது உள்ளூர்க்காரர்களுக்கே கஷ்டம்.

கேட்பது சுலபம், பதில்?

மூன்றாவது சிக்கலைத்தான் பட்டியல் போடுபவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. கேள்வி கேட்பது பாதி வேலைதான். வரும் பதில் புரிய வேண்டாமா?

ஒருவர் பத்து நாள் பயிற்சி எடுத்து, ‘கபாலீஸ்வரர் கோயிலுக்கு எப்படிப் போகணும்?’ என்று பிசிறில்லாமல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார்? இவருக்குத் தமிழ் தெரியும் என்று நினைப்பார். உடனே, ‘அப்டியே ஸ்ட்ரெய்ட்டா போனீங்கன்னா ஒரு சிக்னல் வரும், அதைத் தாண்டாதீங்க, அதுக்கு முன்னாடியே லெஃப்ட்ல கட் பண்ணீங்கன்னா...’ என்று மூச்சுவிடாமல் பொழிவார். கேள்வி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பதில் வரும்.

எனவே கேள்வியின் வடிவம், புரியக்கூடிய பதிலை மட்டுமே வரவழைப்பதாக இருக்க வேண்டும். மொழி தெரியாதவருக்குப் புரியும் பதில்கள் மூன்றே மூன்று: கை காட்டுவது, ஆமா அல்லது இல்லை, ஓர் எண்.

‘லஸ் எங்க, அண்ணா?’ என்ற கேள்விக்குக் கை தானாக நீளும். சுருக்கமாகக் கேட்டால் சுருக்கமாகவே பதில் வரும். கை காட்டிய திசையில் தன் கையையும் நீட்டி ‘இப்டியா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றோ ‘இல்ல’ என்றோ பதில் வரும். இந்த ‘ஆ’ ஒரு வரப்பிரசாதம். எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக் கேள்வியாக்கலாம். நேராவா? லெஃப்டா? மீட்டரா? கோயிலா? அதை நன்றாக நீட்டிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ‘எங்க?’, அப்புறம்தான் ‘இப்டியா?’. எடுத்த எடுப்பிலேயே ஒரு பக்கம் கை நீட்டி ‘லஸ் இப்டியா?’ என்று கேட்டால், பாதி பேர் ‘ஆமா’ என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. சரியாகக் காதில் விழாமலோ, விருந்தாளியின் முகத்தை வாட வைக்க மனமில்லாமலோ தலையாட்டிவிடுவார்கள். கையை மடக்கிக்கொண்டு ‘எங்க?’ என்று கேட்டால், இடம் தெரிந்தவர் உடனே காட்டுவார். தெரியாதவர் யோசிப்பார். அந்த யோசனையைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடலாம்.

தலையாட்டல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால் இங்கே ‘சரி’ என்று பொருள். வெளிநாட்டவர் பலருக்கு அது ‘இல்லை’ என்று தோன்றும். ஆகவே தலையைப் பார்க்காமல் ‘ஆமா’ என்ற சொல் காதில் விழுகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம் தூரம். ‘பக்கம்தான்’ என்பது 50 அடியாகவும் இருக்கலாம், ஒன்றரை கிலோமீட்டராகவும் இருக்கலாம். ‘எவ்ளோ தூரம்?’ என்று கேட்டால் ‘தோ, கிட்டதான்’ என்று வரும். அதைவிட ‘நடந்து போலாமா?’ என்று கேட்பது உபயோகமானது. நடக்கக்கூடிய தூரம் என்றால் ‘போலாம்’ என்பார்கள். இல்லாவிட்டால் ‘ஆட்டோல போங்க’ என்பார்கள். ஆட்டோ என்ற சொல் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

வாக்கியம் சரியாக இருந்தாலும் இடத்தின் பெயர் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. வரைபடத்தில் இருக்கும் பெயர் ஒன்று, மக்கள் வாயில் இருக்கும் பெயர் வேறொன்று.

மயிலாப்பூரில் நான்கு மாட வீதிகள். ‘வடக்கு மாட வீதி’ என்று வெளியூர்க்காரர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் நகர்ந்துவிடுவார். ‘லஸ்’ என்பது ஒரே அசை, தப்பே வராது. ‘டேங்க்’ என்றால் கோயில் குளம். உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். லஸ் முனையிலிருந்து ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே நடந்தால் இடது பக்கம் குளம் வந்துவிடும். குளத்துக்குக் கிழக்கே கோயில். ஆகவே பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கியவருக்கு ‘டேங்க் எங்க, அண்ணா?’ என்ற ஒரே கேள்வி போதும். குளம் தெரிந்துவிட்டால் கோபுரம் தெரிந்துவிடும்.

தி.நகர் என்பது தியாகராய நகர். போனில் முழுப்பெயரைப் பார்த்து அதை அப்படியே உச்சரிக்க முயன்றால் நேரம்தான் போகும். ‘டி நகர்’ என்று சொன்னால் போதும். அங்கே இருக்கும் பாண்டி பஜாரில் ஒரு பொடி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘பஜார்’ என்ற பாதியை விட்டுவிட்டு ‘பாண்டி எங்க?’ என்று கேட்டால், கேட்டவருக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். பஸ் ஏறும் இடத்தைக் காட்டிவிடுவார். இந்தப் பாண்டிக்கும் அந்தப் பாண்டிக்கும் சம்பந்தம் இல்லை. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரால் வந்தது இந்தக் கடைத்தெரு. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் முழுப்பெயர்.

ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர் மாம்பலம் ரயில் நிலையத்தைக் கேட்கலாம். ‘மாம்பலம் ஸ்டேஷன் எங்க?’ என்பதில் நாக்கு சிக்கும் எழுத்து எதுவும் இல்லை. நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறக்கப்பட்ட நடைமேம்பாலம், கூட்டத்தில் சிக்காமல் போக விரும்புகிறவருக்கு உதவும்.

அடையாறு பெரிய பகுதி. ‘அடையார் எங்க?’ என்று அடையாறுக்குள்ளேயே நின்றுகொண்டு கேட்டால், கேட்டவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். ‘அடையார் டிப்போ’, ‘அடையார் சிக்னல்’, ‘பெசன்ட் நகர் பீச்’ என்று ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். எலியட்ஸ் பீச் என்று வழிகாட்டி நூல்களில் இருப்பதும் பெசன்ட் நகர் பீச்சும் ஒன்றுதான். இந்தப் பகுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் என்று ஒவ்வொரு நகரிலும் ஃபர்ஸ்ட் மெயின் ரோடு, செகண்ட் மெயின் ரோடு என்று வரிசையாக இருக்கும். எனவே தெரு எண்ணை மட்டும் சொல்லாமல், நகரின் பெயரை முதலில் சொல்லப் பழக்க வேண்டும்: ‘காந்தி நகர், செகண்ட் மெயின் ரோடு எங்க?’

வழி சொல்பவர் வாயிலிருந்து வரும் சொற்களில் நான்கைந்து புரிந்தால் போதும். நேரா, லெஃப்ட், ரைட் என்பவை சிக்கல் இல்லாதவை. ‘எதிர்ல’ என்றால் எதிர்ப்புறம். கவனமாகக் கேட்க வேண்டியவை இரண்டு: ‘முன்னாடி’, ‘தாண்டி’. சிக்னலுக்கு முன்னாடி என்றால் சிக்னல் வருவதற்குள் திரும்ப வேண்டும். சிக்னல் தாண்டி என்றால் கடந்த பிறகு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு தெரு தள்ளிப் போய்விடும்.

பேரம்: நடைபாதையில் ஒரு கைப்பை

பேரத்துக்குப் போகுமுன், எங்கே பேரம் பேசலாம் என்று விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும். பெரிய ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பில் போட்டுத் தரும் கடைகளில் ஒரே விலைதான். பாக்கெட்டில் அதிகபட்ச விலை அச்சிட்ட பொருளுக்கும் பேரம் கிடையாது. அங்கே போய் ‘கம்மி பண்ணுங்க’ என்றால் சங்கடம். நடைபாதைக் கடை, தள்ளுவண்டி, நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதியில் பரப்பி வைத்திருக்கும் கொலு பொம்மைகள் – இவையே பேரத்துக்கு உரிய இடங்கள்.

பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு துணிப்பை பிடித்திருக்கிறது. விருந்தாளி ஒரு பெண், பொருளைத் தொட்டுக் காட்டி ‘எவ்ளோங்க?’ என்கிறார். கடைக்காரர் ‘முன்னூத்தம்பது’ என்கிறார். இங்கேதான் எண்கள் ஆளைக் கவிழ்க்கும். ‘அம்பது’ என்பது 50, ‘எம்பது’ என்பது 80. ‘இருவது’ 20, ‘எரநூறு’ 200. ‘தொண்ணூறு’ என்பது 90, அதன் வாலில் ‘நூறு’ போல ஏதோ கேட்பதால் நூறில் ஏதோ கணக்கு என்று தோன்றும். பத்து நாளில் இந்தக் காது வராது. எனவே போனில் கால்குலேட்டரைத் திறந்து நீட்டிவிட வேண்டும். கடைக்காரர்களுக்கு அது பழக்கம்தான். 350 என்று அடித்துக் காட்டுவார்.

‘கம்மி பண்ணுங்க, அண்ணா.’

‘சரி, முன்னூறு குடுங்க.’ மறுபடி எண் திரையில்.

இப்போது விருந்தாளி தன் விலையைச் சொல்ல வேண்டும். 200 என்று அடித்துக் காட்டுகிறார். கடைக்காரர், ‘வராதுக்கா, கட்டாது’ என்கிறார். ‘வராது’ என்பதை அகராதியில் பார்த்தால் வந்து சேராது என்று இருக்கும். கடைத்தெருவில் அதன் பொருள் ‘அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது’. கோபம் இல்லை, கதவை மூடவும் இல்லை. பேரம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

‘லாஸ்ட் எவ்ளோ?’

இந்தக் கேள்வி வந்துவிட்டால், வாங்கும் எண்ணம் உறுதி என்று கடைக்காரருக்குத் தெரியும். அவர் 260 என்று அடிக்கிறார். விருந்தாளிக்குச் சம்மதம் என்றால் ‘சரிங்க’. சம்மதம் இல்லை என்றால் ‘வேணாங்க’ என்று சிரித்துவிட்டு இரண்டு எட்டு நடக்க வேண்டும். பின்னாலிருந்து ‘வாங்க, வாங்க’ என்று குரல் வந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். குரல் வராவிட்டால் 260-தான் உண்மையான கடைசி விலை. திரும்பிப் போய் அதையே கொடுத்து வாங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு நெறி உண்டு. விருந்தாளி சொன்ன விலைக்குக் கடைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டால் வாங்கிவிட வேண்டும். 200 தருகிறேன் என்று சொல்லி, அவர் ‘சரி, எடுத்துக்குங்க’ என்ற பிறகு நழுவினால் அதற்குப் பேர் பேரம் இல்லை. காலையில் முதல் வியாபாரமாக, ‘போணி’ நேரத்தில் அப்படிச் செய்தால் கடைக்காரருக்கு நாள் முழுக்க மனசு சரியிருக்காது. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலை சொல்லாமல் இருப்பதே நல்லது.

பூக்காரரிடமும் கீரைக்காரரிடமும் இந்த ஆட்டமெல்லாம் வேண்டாம். பூ முழக்கணக்கு. முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரு முழம், அதுவும் விற்பவரின் கை. ‘பூ எவ்ளோ, அக்கா?’ என்று கேட்டு, தன் முழங்கையைத் தொட்டு ஒரு விரலைக் காட்டினால் ஒரு முழம் கிடைத்துவிடும். காய்கறி வாங்கி முடித்ததும் ‘கொசுறு?’ என்று ஒரே சொல். றகரம் வராமல் ‘கொசுரு’ என்றாலும் கறிவேப்பிலை பையில் விழும். விலையைக் குறைப்பதைவிட இது இரு தரப்புக்கும் சந்தோஷம்.

ஆட்டோவில்

ஆட்டோக்காரரிடம் முதல் கேள்வி ‘மீட்டரா, அண்ணா?’. தமிழக அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் 4 கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 40 காசு ஆகும். தெருவில் இன்று கேட்கப்படும் தொகை அதைவிட அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. எனவே ஏறுமுன் போன் செயலியில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, ‘எவ்ளோங்க?’, ‘கம்மி பண்ணுங்க’ என்று கைப்பைக்குச் செய்ததையே செய்யலாம். வண்டி கிளம்புவதற்குள் எண்ணைத் திரையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பேசுவது பேரமாகாது, தகராறாகும்.

எழுதிக் கொடுக்க வேண்டியவை

கடைசியில் தேறும் பத்து இவைதான்:

1. எவ்ளோங்க?
2. கம்மி பண்ணுங்க.
3. லாஸ்ட் எவ்ளோ?
4. வேணாங்க.
5. சரிங்க.
6. லஸ் எங்க, அண்ணா? (லஸ்ஸுக்குப் பதில் எந்த இடமும்)
7. இப்டியா?
8. நடந்து போலாமா?
9. மீட்டரா, அண்ணா?
10. மெதுவா சொல்லுங்க.

பத்தாவது வாக்கியம்தான் பாதுகாப்பு வளையம். பதில் வேகமாகக் கொட்டும்போது இதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் சொற்களைக் குறைத்துக்கொண்டு கையை அதிகம் பயன்படுத்துவார்.

இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்த எழுத்தில் குறில் நெடில் தெரியாது, ‘த’வும் ‘ட’வும் ஒன்றாகிவிடும். வீட்டில் நிதானமாகப் பேசுகிறவர் யாரோ, அவரை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லவைத்து விருந்தாளியின் போனில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு ‘ஆமா, இல்ல, நேரா, முன்னாடி, தாண்டி, எதிர்ல, வராது’ என்ற ஏழு பதில்களையும் அதே குரலில் சேர்த்துவிடுங்கள். மொத்தம் இரண்டு நிமிடப் பதிவு. வீட்டிலிருந்து லஸ்ஸுக்குப் போகும் நேரத்தில் நாலைந்து முறை கேட்டுவிடலாம். முதல் சோதனைக்குப் பூக்கடை நல்லது. தொகை சிறியது, தப்பாகப் போனாலும் கையில் பூ இருக்கும்.